உதவித்தொகை விண்ணப்பத்துக்கு 1,499 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் பிளஸ் டூ முடித்து நல்ல மதிப்பெண்ணுடன் பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சம். கூகுளில் தேடி, ஒரு தளத்தில் அரசு உதவித்தொகைக்கு 299 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். ஆதார், பாஸ்புக் நகலும் ஏற்றினோம். இப்போது சரிபார்ப்புக்கு 1,499 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்தத் தளத்தில் நீங்கள் கொடுத்த விவரம் எந்த அரசு அலுவலகத்துக்கும் போயிருக்காது. மத்திய அரசின் உதவித்தொகைகளுக்கான தளம் `scholarships.gov.in`. அதில் மாணவி பதிவு செய்ததும் ஓடிஆர் எனப்படும் 14 இலக்க ஒருமுறைப் பதிவு எண் வரும். அந்த எண்ணை வைத்து விண்ணப்பித்தால் அது முதலில் அவள் படிக்கும் கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளருடைய திரைக்குப் போகும். அவர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். வெளித்தளம் எதுவும் இந்த வரிசைக்குள் நுழைய முடியாது, சரிபார்ப்புக்குக் கட்டணமும் கிடையாது. உங்களிடம் ஓடிஆர் எண் இல்லையென்றால் விண்ணப்பமும் இல்லை.

தேடும்போது மேலே வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். தேசியச் சின்னமும் பூட்டுக் குறியும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முகவரியைத்தான் படிக்க வேண்டும். `https://` என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். `.gov.in` அல்லது `.nic.in` என்று முடிந்தால் அரசுத் தளம். `scholarships.gov.in.example.com` என்று இருந்தால், நடுவில் gov இருந்தாலும் அது example.com ஆட்களுடைய தளம்தான். எந்தத் திட்டம் பொருந்தும் என்று தேட `myscheme.gov.in` இருக்கிறது, அதுவும் இலவசம்.

இனி உங்கள் மகள் விஷயம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான உதவித்தொகைகள் பலவற்றுக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். 3 லட்சம் என்பதால் அவை கைகூடாது. ஆனால் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம். பிளஸ் டூவில் தன் பாடத்திட்ட வாரியத்தின் முதல் 20 சதவீத மாணவர்களுக்குள் வந்திருக்க வேண்டும்; முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், மூன்று ஆண்டில் 36,000. ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வேறு உதவித்தொகையோ அரசின் கட்டணச் சலுகையோ பெற்றால் இது கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால் எது பெரிய தொகை என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

செலவு என்று பார்த்தால் வருமானச் சான்றிதழுக்குத்தான். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். கணினி பழக்கமில்லாமல் நெட் சென்டர்காரரிடம் நிரப்பித் தரச் சொன்னால் அவர் உழைப்புக்கு ஒரு தொகை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் கண்முன்னே `scholarships.gov.in` திறக்கட்டும், மொபைல் எண் மகளுடையதாகவே இருக்கட்டும். அவர் எண்ணைப் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் அவரிடமே போய் நிற்க வேண்டிவரும்.

கடைசியில் பலருக்கும் பணம் நிற்பது வங்கியில். தொகை ஆதாருடன் இணைந்த கணக்குக்குத்தான் வரும், பாஸ்புக்கில் காட்டிய கணக்குக்கு அல்ல. `myaadhaar.uidai.gov.in` தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். பழைய கணக்கு காட்டினால், அல்லது எதுவுமே இல்லையென்றால், வங்கிக் கிளைக்குப் போய் ஆதார் இணைப்புப் படிவம் கொடுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

போன 299 ரூபாய்க்கு 1930 எண்ணிலோ `cybercrime.gov.in` தளத்திலோ இன்றே புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். தொகை சிறியது என்று விட வேண்டாம். உங்களிடம் ஆதார் நகலும் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டு ஓடிபி சொன்னீர்களா என்று மகளிடம் விசாரியுங்கள். சொல்லியிருந்தால் வங்கிக்கும் தகவல் கொடுங்கள். ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். ஆனால் ஓடிஆர் பதிவில் முகத்தை வைத்துச் சரிபார்ப்பார்கள், பூட்டியிருந்தால் அது நடக்காது. அதனால் முதலில் ஓடிஆர் எடுத்துவிட்டு, அப்புறம் பூட்டுங்கள். திட்டத்துக்குத் திட்டம் கடைசித் தேதி வேறுபடும், அது தளத்தின் முகப்பிலேயே இருக்கும். கல்லூரி சரிபார்க்க வேண்டிய தேதி தனியாகப் போட்டிருப்பார்கள். அது தவறினாலும் விண்ணப்பம் நின்றுவிடும் என்பதால், சமர்ப்பித்த வாரத்திலேயே மகளைக் கல்லூரிப் பொறுப்பாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.