துன்புறுத்தப்படும் மாணவன் தாங்க முடியாத நிலைக்குப் போகும்போது: வகுப்பாசிரியர் யாரிடம், எப்படிச் சொல்வது?

"அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். ஒரு பையனை நாலு பேர் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டு, பையைப் பிடுங்கி எறிந்து தொல்லை கொடுக்கிறார்கள். மூன்று வாரமாக மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. நேற்று அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'இனிமே யாருக்கும் என்னால தொந்தரவு இல்ல' என்று எழுதியிருந்தான். தலைமையாசிரியர் 'எல்லாரையும் கூப்பிட்டுப் பேசி முடிச்சு விடுங்க' என்கிறார். எங்கள் பள்ளியில் கவுன்சிலர் கிடையாது. நான் என்ன செய்வது?"

இன்றைக்கே அவனிடம் தனியாகப் பேசுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் மற்ற எதையும்விட அந்த ஒரு வரிதான் அவசரம்.

சாப்பிடாமல் இருப்பது, அடிக்கடி வயிற்றுவலி என்பது, கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்வது எல்லாம் தொல்லைக்குப் பயந்த பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. அவற்றைப் பார்க்கும்போது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த நால்வர் இல்லாத இடத்தில் எப்படி இருக்கிறான்? திங்கட்கிழமை வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை தெருவில் கிரிக்கெட் என்றால் துன்பம் இன்னும் பள்ளியோடு நிற்கிறது என்று பொருள். ஞாயிற்றுக்கிழமையும் விளையாடப் போவதில்லை, தூக்கம் இல்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை என்றால் அது அவன் வாழ்க்கை முழுவதும் பரவிவிட்டது. அதற்கும் மேல், 'நான் இல்லாட்டி நல்லது' என்கிற மாதிரியான பேச்சு அல்லது எழுத்து, பிரியமாக வைத்திருந்த பேனாவையோ மட்டையையோ யாருக்காவது கொடுத்துவிடுவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. பல நாள் வாடிக் கிடந்தவன் திடீரென்று அமைதியாகத் தெளிந்து தெரிந்தால் 'சரியாயிட்டான்' என்று விட்டுவிடாதீர்கள். சில பிள்ளைகள் முடிவெடுத்த பிறகுதான் அப்படித் தெளிவார்கள்.

நேரடியாகக் கேட்பதற்குத்தான் ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்பது தவறான பயம். நோட்டை அவனிடம் காட்டி, "இதைப் பார்த்தேன் தம்பி. செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், "எப்படி, எப்போன்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று கேளுங்கள். யோசித்து வைத்திருக்கிறான் என்றால் ஒரு நிமிடமும் அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். 'எப்பவாவது தோணும்' என்றால் அன்று மாலைக்குள் மனநல உதவி தருபவர்களுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். 'இல்லை' என்றாலும் தகவல் கொடுங்கள், ஏனென்றால் எழுதிய வரி அப்படியேதான் இருக்கிறது. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள். "உன்னைப் பத்திரமா வச்சிக்கத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன், யார்கிட்டன்னு உனக்கும் சொல்லிடுவேன்" என்பது போதும்.

கவுன்சிலர் இல்லாத பள்ளிக்கு வழி இல்லாமல் இல்லை. 14416 என்ற டெலி-மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் நாள் முழுதும் தமிழில் பேசலாம். மாணவன்தான் பேச வேண்டும் என்றில்லை, ஆசிரியரே அழைத்து அடுத்து என்ன என்று கேட்கலாம். நேரில் பார்க்க, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ உள்ள மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போதும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். எண்ணத்தைச் சொல்வது குற்றமே இல்லை. முயன்றவரையே கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

மனநலப் பிரிவுக்குத் தரும் தகவலை எழுதித்தான் கொடுக்க வேண்டும். 'மாணவன் மன அழுத்தத்தில் உள்ளான், ஆவன செய்யவும்' என்று வரும் சீட்டு கட்டோடு கட்டாகக் கிடக்கும். எது அவசரம் என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. உங்கள் பையனுக்கு இப்படி எழுதலாம்: "ஒன்பதாம் வகுப்பு, வயது 14. மூன்று வாரமாக மதிய உணவு உண்ணவில்லை. நான்கு மாணவர்கள் பட்டப்பெயர் சொல்வதையும் பையை எறிவதையும் நேரில் பார்த்தேன். நேற்று கணக்கு நோட்டில் 'இனிமே யாருக்கும் என்னால தொந்தரவு இல்ல' என எழுதியுள்ளான், பக்கத்தின் படம் இணைப்பு. இன்று கேட்டதற்குச் சொன்ன பதில்: (அவன் வார்த்தையிலேயே). இன்றே பேச வேண்டுகிறேன்." கண்டது, கேட்டது, வேண்டுவது, அவ்வளவுதான். நோய்ப்பெயர் வேண்டாம். தேதி, நேரம் போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வகுப்பு நடுவே 'கவுன்சிலிங் வந்திருக்கு, போ' என்று பெயர் சொல்லி அனுப்பினால் மறுநாளே 'மெண்டல்' என்று இன்னொரு பட்டப்பெயர் கிடைத்துவிடும்.

இப்போது தலைமையாசிரியர் சொன்னதற்கு வருகிறேன். கூப்பிட்டுக் கைகுலுக்க வைக்கும் இந்தச் சமரசம் எத்தனையோ பள்ளிகளில் நடக்கிறது, இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அடிபட்டவன் அந்த நால்வர் முன்னால் 'ஒண்ணும் இல்ல சார்' என்றுதான் சொல்வான். சொன்னது யார் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களின் சாதித் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பிளஸ் டூ மாணவனை, அன்றிரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்குப் பிறகும் 'பேசி முடி' என்றே சொல்கிறார்கள், பள்ளியின் பெயர் கெடக் கூடாதாம். நால்வரையும் தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில், அவன் பெயரை எடுக்காமல், நீங்களே கண்ணால் பார்த்ததை வைத்து விசாரியுங்கள்.

இன்னொரு கூட்டத்திடமும் கவனமாக இருங்கள். இப்படிப்பட்ட நேரத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் யாராவது ஒரு 'மோட்டிவேஷன்' பேச்சாளரையோ, சில நாள் சான்றிதழ் படிப்பு முடித்து 'கவுன்சிலிங் சென்டர்' வைத்திருப்பவரையோ கொண்டுவருவார்கள். மைக் பிடித்து முழு வகுப்பையும் அழவைத்துவிட்டு, பெற்றோரிடம் பத்து 'சிட்டிங்' பணம் கட்டச் சொல்வார்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால், இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வெளியே அனுப்புங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதை எட்ட முடியாதபடி வைத்திருப்பதால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

பெற்றோருக்கு அன்றே, அவன் வீடு போகும் முன், நேரில் சொல்லுங்கள். பூச்சிமருந்து, மாத்திரை எல்லாம் பூட்டில் இருக்கட்டும், இரவில் அவன் தனியே படுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். வீடே ஆபத்தாக இருந்தால் முதலில் வீட்டுக்குச் சொல்லக் கூடாது. "வீட்டுல யாருக்குத் தெரிஞ்சா உனக்குப் பயம்?" என்று கேட்டுவிடுங்கள். 'மார்க்குக்குத் திட்டுவாங்க' என்பது இந்த விலக்கில் சேராது, அந்தப் பெற்றோருக்குச் சொல்லத்தான் வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, தொல்லைக்குக் காரணம் காதல் அல்லது சாதி என்று தெரிந்தால் பிள்ளையையே தண்டிக்கும் வீடு, தொட்டுத் துன்புறுத்தும் உறவுக்காரர் என்றால் சேரும். அப்போது முதல் அழைப்பு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு. அதோடு அவன் நம்பும் பாட்டி, அத்தை, மாமா என்று பெரியவர் ஒருவரைக் கேட்டு வரவழையுங்கள். பாலியல் தொல்லை இருந்தால், செய்தது வகுப்புத் தோழனே ஆனாலும், போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம். 'முதல்ல நாங்க விசாரிக்கிறோம்' என்று பள்ளி தள்ளிப்போட முடியாது, புகார் செய்யாமல் விட்டவர் மீதே வழக்கு வரும்.

கொடுத்த தகவலுக்கு மறுநாள் மதியத்துக்குள் பதில் வராவிட்டால் நீங்களே அழையுங்கள், அழைத்த நேரத்தை உங்கள் நகலில் குறித்துக்கொள்ளுங்கள். அவன் வகுப்புக்குத் திரும்பும் நாளில் நால்வருக்கும் அவனுக்கும் இடையே இருக்கையை மாற்றிவிட்டு, இடைவேளையிலும் பள்ளி விடும் நேரத்திலும் யார் அவன் பக்கத்தில் இருப்பார் என்று ஒரு ஆசிரியர் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். 'எல்லாரும் பார்த்துக்குவோம்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.