குத்தகை நிலத்தைப் பழையபடி திருப்பிக் கொடுக்கும் செலவு: ஒதுக்கீடு ஏன் ஆண்டுதோறும் வளர்கிறது?

கேள்வி: "கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தென்னந்தோப்பைப் பத்து வருடக் குத்தகைக்கு எடுத்து, இன்டர்லாக் கல் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் அக்கவுண்டன்டாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 2033 மார்ச்சில் குத்தகை முடியும்போது காங்கிரீட் தளத்தை உடைத்தெடுத்து, மண் போட்டுத் தர வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறது. முன்பு இருந்தவர் 2023 ஏப்ரலில் ₹9,93,657 ஒதுக்கீடு போட்டிருக்கிறார். 2026 மார்ச் கடைசியில் அது ₹12,17,273 ஆகிவிட்டது. யாரிடமும் கடன் வாங்காமல் இந்த வட்டி எப்படி வந்தது? அன்றைக்கு ₹12 லட்சம் சொன்ன காண்ட்ராக்டர் இப்போது ₹17 லட்சம் கேட்கிறார். வித்தியாசம் ₹5 லட்சத்தை இந்த வருடச் செலவில் எழுதிவிடலாமா சார்?"

பதில்:

எழுதாதீர்கள். காண்ட்ராக்டர் ஏற்றிய தொகையில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் கணக்கில் இருக்கிறது. மீதி செலவுக்குப் போகாது, சொத்தின் மதிப்பில் சேரும். வட்டியும் சரியாகத்தான் போடப்பட்டிருக்கிறது. உங்களுக்கு முன்னால் இருந்தவர் நிதானமாக வேலை செய்திருக்கிறார். அவர் போட்ட கணக்கை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

தளத்தை உடைப்பது 2033-இல் என்றாலும், உடைத்தே ஆக வேண்டும் என்ற கடமை காங்கிரீட் ஊற்றிய அன்றே வந்துவிட்டது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதால் மட்டும் அது வரவில்லை. தளமே போடாமல் குத்தகையை முடித்திருந்தால் உடைக்க எதுவும் இருந்திருக்காது. அதனால்தான் தளமும் மெஷின் அடித்தளமும் போட்டு முடித்த தேதியில் ஒதுக்கீடு எழுதப்பட்டது. அந்தத் தொகை அன்றைக்குச் செலவாகவில்லை. கணக்கியல் தரநிலை ஏஎஸ் 10 சொல்கிறபடி தளம், ஷெட் ஆகியவற்றின் அடக்க விலையோடு சேர்ந்து, பத்து ஆண்டுகளுக்குத் தேய்மானமாக, ஆண்டுக்கு ₹99,366 வீதம் போய்க்கொண்டிருக்கிறது.

இனி ₹9,93,657 எப்படி வந்தது என்று பாருங்கள். 2023-இல் காண்ட்ராக்டர் சொன்ன ₹12 லட்சம் அன்றைய விலை. வேலை நடப்பதோ 2033-இல். கூலியும் டீசலும் மண்ணும் ஆண்டுக்கு 5% ஏறும் என்று வைத்தால் அப்போது ₹19,54,674 வேண்டும். பத்து ஆண்டு கழித்துக் கொடுக்கப் போகும் அந்தத் தொகையை 7% தள்ளுபடி விகிதத்தில் 2023-க்குக் கொண்டுவந்தால் ₹9,93,657. எக்செல்லில் ஒரே வரிதான்:

```
=1200000*(1+5%)^10/(1+7%)^10
```

ஆண்டு கழியக் கழிய 2033 நெருங்குகிறது, தள்ளுபடி செய்ய வேண்டிய காலம் குறைகிறது, இன்றைய மதிப்பு ஏறுகிறது. அந்த ஏற்றத்தைத்தான் ஆடிட்டர்கள் அன்வைண்டிங் என்கிறார்கள். வங்கியில் போடும் க்யூமுலேட்டிவ் டெபாசிட்டை வங்கியின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்: பணம் கைமாறாமலே வருடா வருடம் வட்டி ஏறி, கடன் பெரிதாகும். உங்கள் கணக்கில் முதல் ஆண்டு ₹69,556, இரண்டாம் ஆண்டு ₹74,425, மூன்றாம் ஆண்டு ₹79,635. இவை சேர்ந்துதான் ₹12,17,273. இப்படியே விட்டால் 2033 மார்ச் 31-இல் ஒதுக்கீடு சரியாக ₹19,54,674-இல் போய் நிற்கும். அட்டவணை சரியா என்று பார்க்க இதுதான் நல்ல சோதனை. கடைசி வரி மதிப்பீட்டுத் தொகையைத் தொடாவிட்டால் நடுவில் எங்கோ பிசகியிருக்கிறது.

ஏஎஸ் 29 பொதுவாக ஒதுக்கீடுகளைத் தள்ளுபடி செய்ய அனுமதிப்பதில்லை. 2016-இல் வந்த திருத்தம்தான், சொத்தின் அடக்க விலையில் சேரும் இந்த வகைக் கடமைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அன்வைண்டிங்கை லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு யாராவது "தள்ளுபடியே கூடாது" என்று சொன்னால், திருத்தத்தைக் காட்டுங்கள். இண்ட் ஏஎஸ் பின்பற்றும் கம்பெனிகளில் இந்தத் தொகை நிதிச் செலவு என்ற தலைப்பில் போகும். உங்கள் கம்பெனியிலும் அங்கேயே காட்டுவது நல்லது. ஆனால் வங்கி வட்டியோடு கலக்காமல் தனி வரியாக. ஓவர்டிராஃப்ட் என்னும் ஓடி லிமிட் புதுப்பிக்கும்போது வங்கி மேனேஜர் வட்டிச் செலவைப் பார்த்துத்தான் திருப்பிச் செலுத்தும் திறனைக் கணக்கிடுவார். இது பணம் வெளியே போகாத செலவு என்று குறிப்பில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தள்ளுபடி விகிதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இன்றைய விலையான ₹12 லட்சத்தை அப்படியே எடுத்து 7%-இல் தள்ளுபடி செய்தால் ₹6,10,019 வரும். பார்க்கச் சின்னதாக, வசதியாக இருக்கும். ஆனால் பத்து ஆண்டு அன்வைண்டிங் முடிந்தபின் கையில் நிற்பது ₹12 லட்சம்தான். வேலைக்கோ ஏறக்குறைய ₹20 லட்சம் வேண்டும். கடைசி ஆண்டில் ஏழரை லட்சம் ஒரே அடியாக விழும். விலைவாசி ஏற்றம் அடங்கிய விகிதத்தில் தள்ளுபடி செய்தால், செலவிலும் விலைவாசி ஏற்றம் இருந்தாக வேண்டும். இன்னொரு தவறு, கம்பெனியின் ஓடி வட்டி 11%-ஐத் தூக்கிப் போடுவது. அப்படிச் செய்தால் ₹6,88,406 ஆகிவிடும். அந்த 11%-இல் உங்கள் கம்பெனி பணத்தைத் திருப்பித் தராமல் போகும் அபாயத்துக்கு வங்கி வாங்கும் கூலியும் இருக்கிறது. நமக்கு வேண்டியது காலத்தின் மதிப்பையும் இந்தக் கடமைக்கே உரிய அபாயத்தையும் காட்டும், வரிக்கு முந்தைய விகிதம். மீதமுள்ள குத்தகைக் காலத்துக்கு இணையான அரசுக் கடன் பத்திரத்தின் வருவாய் விகிதத்திலிருந்து தொடங்குவது பாதுகாப்பான வழி. செலவு கூடிவிடுமோ என்ற பயத்தை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட்டால், அதற்காக விகிதத்தை மறுபடி தொடக்கூடாது.

இப்போது காண்ட்ராக்டரின் ₹17 லட்சம். முதலில் அவரிடம் அதைப் பிரித்துக் கேளுங்கள்: பிரேக்கர் போட்ட ஜேசிபி எத்தனை மணி நேரம், இடிபாடு எத்தனை டிப்பர், மண் எத்தனை லோடு. உங்கள் பக்கத்தில் மண்தான் பெரிய செலவாக இருக்கும். கேரளத்தில் சாதாரண மண் வெட்டி எடுத்துக் கொண்டுபோகவும் சுரங்க, நிலவியல் துறையின் அனுமதி வேண்டும். வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து வருவதென்றால் அங்குள்ள அனுமதியும் லாரி வாடகையும் தனி. பழைய கொட்டேஷனில் மண் இரண்டடி, புதியதில் மூன்றடி என்று இருந்தால், பத்திரம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். பத்திரம் கேட்காத மூன்றாவது அடி உங்கள் கடமை ஆகாது. இரும்புத் தூணையும் கூரைத் தகட்டையும் பழைய விலைக்கு விற்றால் வரும் பணத்தை அவர் கழித்துக் காட்டியிருந்தால், அதைத் திரும்பச் சேருங்கள். சொத்தை விற்று வரப்போகும் லாபத்தை ஒதுக்கீட்டில் கழிக்கக் கூடாது. நில உரிமையாளரிடம் உள்ள அட்வான்ஸையும் இதில் கழிக்காதீர்கள், அது தனிச் சொத்து.

சரி, ₹17 லட்சம் நியாயம்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய ₹12 லட்சம் மூன்று ஆண்டில் 5% வீதம் ஏறி ₹13,89,150 ஆகும் என்று ஏற்கெனவே கணக்கில் எடுத்தாகிவிட்டது. ஆகவே உண்மையான கூடுதல் ₹3.11 லட்சம்தான். மீதமுள்ள ஏழு ஆண்டுக்கு ₹17 லட்சத்தை 5%-இல் ஏற்றினால் ₹23,92,071. அதை 7%-இல் இன்றைக்குக் கொண்டுவந்தால் ₹14,89,662. புத்தகத்தில் இருப்பது ₹12,17,273. வித்தியாசம் ₹2,72,389. தளத்தின் மதிப்பில் பற்று, ஒதுக்கீட்டில் வரவு. லாப நட்டக் கணக்கு பக்கமே போக வேண்டாம். அடுத்த ஆண்டு முதல் தேய்மானம் ₹38,913 கூடி ₹1,38,279 ஆகும்; அன்வைண்டிங் ₹14,89,662-க்கு 7%, அதாவது ₹1,04,276. அரசுக் கடன் பத்திரத்தின் வருவாய் விகிதம் பெரிதாக மாறியிருந்தால் 7%-ஐயும் புதுப்பித்து, அந்த வித்தியாசத்தையும் சொத்திலேயே சேர்க்க வேண்டும். இங்கே கணக்கு புரிவதற்காக அப்படியே விட்டிருக்கிறேன்.

வரிசை முக்கியம். முதலில் ஆண்டின் தொடக்க இருப்புக்குப் பழைய விகிதத்தில் அன்வைண்டிங், அப்புறம் மார்ச் 31-இல் மறுமதிப்பீடு. இரண்டையும் ஒரே தொகையாக நிதிச் செலவில் போட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். கண்டுபிடிப்பது எளிது: அந்தச் செலவுத் தொகையைத் தொடக்க இருப்பால் வகுத்துப் பாருங்கள், 7% வராவிட்டால் கலந்துவிட்டார்கள். கூட்டிய பிறகு, இவ்வளவு மதிப்பை மீதி ஏழு ஆண்டில் தொழில் ஈட்டித் தருமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். மதிப்பீடு குறைந்தால் சொத்தில் கழிக்கலாம், ஆனால் சொத்தின் மீதி மதிப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் குறைந்தது லாப நட்டக் கணக்குக்கு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மிக்சர் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? சிமெண்ட் பால் தேங்கும் குழியிலிருந்து தோப்பு மண்ணில் இறங்கினால், அந்த மண்ணை மாற்ற ஆகும் செலவு காங்கிரீட் ஊற்றிய அன்றைக்கு வந்த கடமை அல்ல. ஒவ்வொரு ஆண்டு உற்பத்தியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. அதைத் தளத்தின் அடக்க விலையில் சேர்க்க முடியாது. அந்தந்த ஆண்டு கெட்ட அளவுக்கு, அந்தந்த ஆண்டின் உற்பத்திச் செலவாகவே ஒதுக்க வேண்டும். குழியைச் சுற்றி மண் வெள்ளையாக இறுகியிருக்கிறதா, ஓரத் தென்னைகள் வாடுகின்றனவா என்று ஒருமுறை நேரில் நடந்து பாருங்கள். அக்கவுண்டன்ட் மேசையை விட்டு எழுந்து போக வேண்டிய இடம் இது.

வருமான வரிக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரநிலையான ஐசிடிஎஸ் 10 ஒதுக்கீட்டைத் தள்ளுபடி செய்ய விடுவதில்லை. ஆகவே அன்வைண்டிங்கும் இந்தக் கூடுதல் தேய்மானமும் வரிக் கணக்கில் எப்படிப் போகின்றன, ஒத்திவைத்த வரி எழுத வேண்டுமா என்பதை உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

நில உரிமையாளர் "தளம் இருந்துவிட்டுப் போகட்டும், களமாக வைத்துக்கொள்கிறேன்" என்று வாயால் சொன்னால் ஒதுக்கீட்டைத் திருப்பி எழுதாதீர்கள். அவர் கையெழுத்திட்ட கடிதம் வந்த பிறகுதான் கடமை நீங்கும். குத்தகையை 2033-க்கு மேல் நீட்டினால் கடமை போகாது, தேதிதான் தள்ளிப் போகும். புதிய தேதிக்கு விலையை ஏற்றி, புதிய காலத்துக்குத் தள்ளுபடி செய்து, வித்தியாசத்தை மறுபடி தளத்தின் மதிப்பில் சரிசெய்து, மீதித் தேய்மானத்தை நீட்டித்த காலம் முழுக்கப் பரப்புங்கள்.