யாருக்குச் ‘சும்மா’?

கேள்வி: எங்கள் குழுவில் ஏழு பேர். சாப்பாட்டு நேரத்தில் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொள்வது வழக்கம். வேறு மொழிக்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார் என்பதால், சும்மா ‘மௌனகுரு’ என்று பெயர் வைத்தோம். அவரும் சும்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது இரண்டு மாதமாகத் தனியாகச் சாப்பிடுகிறார். நகைச்சுவை உணர்வே இல்லாதவரிடம் எப்படிப் பழகுவது?

பதில்: உங்கள் கேள்வியில் ‘சும்மா’ இரண்டு முறை வருகிறது. முதலாவது உங்களுடையது, உள்நோக்கம் இல்லாமல் சொன்னோம் என்று அதற்குப் பொருள். இரண்டாவது அவருடையது, மறுப்பு எதுவும் சொல்லவில்லை என்று பொருள். உங்கள் சும்மாவை அவர் அப்படியே நம்பியிருக்க வேண்டும் என்கிறீர்கள். அவருடைய சும்மாவையோ, கேட்காமலே, சம்மதம் என்று வரவு வைத்துக்கொண்டீர்கள். இந்தச் சொல்லுக்கு ‘விலையில்லாமல்’ என்றொரு பொருளும் நம் மொழியில் இருக்கிறது. அந்தப் பொருளில் பார்த்தால் அந்தப் பட்டப்பெயர் சும்மா கிடைத்ததல்ல. ஏழு பேர் சிரித்த செலவு ஒருவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெயரே அதிலிருந்துதான் பிறந்தது. உரையாடலில் ஒருவர் முடிக்கும் இடத்துக்கும் அடுத்தவர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி விநாடிதான் இருந்தது. அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே, தாய்மொழியில்கூட, சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுவதால்தான் உரையாடல் ஓடுகிறது. அப்படித் தயாரிக்க, அவர் எங்கே முடிப்பார் என்று ஊகிக்கத் தெரிய வேண்டும். கலாய்ப்பில் அந்த ஊகம் முழுவதும் பழைய சம்பவங்களையும், பழைய பட்டப்பெயர்களையும், பாதியில் விட்ட வசனங்களையும் நம்பி நிற்கிறது. புதிதாக வந்தவர், அதுவும் இரண்டாவது மொழியில் கேட்பவர், உங்கள் வாக்கியத்தைப் புரிந்துகொண்டு, பொருத்தமான பதிலைக் கண்டுபிடித்து, அது தவறாகப் போய்விடாதா என்று ஒருமுறை சரிபார்த்து வாயைத் திறக்கும்போது, மேசையில் பேச்சு இரண்டு திருப்பம் தாண்டிப் போயிருக்கும். அந்த வேகத்தில் அவரை ஓட விட்டுவிட்டு, பின்தங்கியதற்காக ‘மௌனகுரு’ என்று பெயரும் வைத்தீர்கள். அவருடைய மொழியில், அவருடைய நண்பர்கள் நடுவில், அந்த மனிதர்தான் மேசையிலேயே அதிகம் பேசுகிறவராகவும் இருக்கலாம்.

அந்தச் சிரிப்பை நான் அறிவேன். இளம் வயதில் ஓர் அலுவலகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அங்கே எல்லோருக்கும் பொதுவாக இருந்த மொழி எனக்கு அரைகுறை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அரை விநாடி தாமதமாக நானும் சிரிப்பேன். ஒருநாள் அப்படிச் சிரித்து முடித்த பிறகுதான், பேசப்பட்டது என் உச்சரிப்பைப் பற்றி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அன்றைய சிரிப்பையும் யாரோ சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே இத்தகைய சிரிப்பில் கவனிக்க வேண்டியது அது வருகிறதா என்பதையல்ல, எப்போது வருகிறது என்பதைத்தான். எல்லோருக்கும் பின்னால் வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்றுவிடும் சிரிப்பு, அந்தப் பேச்சை ரசிக்கும் சிரிப்பு அல்ல.

இனி உங்கள் சும்மா. கேலி செய்தவர்களும் கேலிக்கு ஆளானவர்களும் ஒரே சம்பவத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் ஜஸ்டின் குரூகரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். கேலி செய்தவர்கள் அதைத் தீங்கற்றதாக மதிப்பிட்ட அளவுக்கு, ஆளானவர்கள் மதிப்பிடவில்லை. ‘விளையாட்டுக்குத்தான்’ என்ற நோக்கம் சொல்பவரின் மனத்துக்குள் இருக்கிறது. கேட்பவருக்குக் கிடைப்பதோ சொல் மட்டுமே. நெடுநாள் பழகியவர் அந்த நோக்கத்தைக் குரலிலிருந்தும் முகத்திலிருந்தும் நேற்றைய நினைவிலிருந்தும் ஈடுகட்டிக்கொள்வார். வேறு பின்னணியிலிருந்து வந்தவருக்கு அந்தக் குரல் ஏற்ற இறக்கமே வேறு பொருள் தரக்கூடும். நினைவோ இன்னும் உருவாகவே இல்லை.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் ‘கேலி உறவு’ என்பதை விளக்கியபோது, அதில் ஒருவர் கேலி செய்ய அனுமதிக்கப்படுகிறார், மற்றவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஆகிறது என்றார். இருவரும் செய்துகொள்ளும் உறவும் உண்டு, ஒருவர் மட்டும் செய்ய மற்றவர் பொறுத்துக்கொள்ளும் உறவும் உண்டு என்று அவர் பிரித்துக் காட்டியதுதான் உங்களுக்கு முக்கியம். உங்கள் ஏழு பேருக்குள் இருப்பது முதல் வகை. எட்டாமவருக்கு நீங்கள் கொடுத்தது இரண்டாவது வகை. அதை முதல் வகை என்றே நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் உங்களில் யாருக்காவது பட்டப்பெயர் வைத்தாரா? வைத்திருந்தால் அது ஒரு வாரமாவது நிலைத்திருக்குமா? உங்கள் குழுத்தலைவரை அவர் கேலி செய்திருந்தால் மேசை சிரித்திருக்குமா, அமைதியாகியிருக்குமா? ஒரு மனநல மருத்துவமனையின் பணியாளர் கூட்டங்களைக் கவனித்து, சமூகவியலாளர் ரோஸ் கோசர் 1960இல் எழுதியதும் இதையே காட்டியது: மேலிருப்பவர்களின் நகைச்சுவை கீழிருப்பவர்களை நோக்கி இறங்கியது, எதிரில் இருக்கும் மேலதிகாரியை நோக்கி அது ஏறவில்லை.

‘நகைச்சுவை உணர்வு இல்லாதவர்’ என்ற தொடரோடு இந்தப் பக்கத்தில் நான் பல ஆண்டுகளாகச் சண்டையிட்டு வருகிறேன். என் பழைய நண்பர் ஒருவர் அதற்காகவே இன்றும் எனக்குக் கண்டனக் கடிதம் எழுதுகிறார். என் நிலை மாறவில்லை. அந்தத் தொடர், நடந்த செயலைப் பற்றிய பேச்சை, நடந்தது யாருக்கோ அவருடைய குணத்தைப் பற்றிய பேச்சாக மாற்றிவிடுகிறது. அதன்பின் அவர் கோபித்தாலும் குற்றம், ஒதுங்கினாலும் குற்றம்.

செய்ய வேண்டியது சிறியது, ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் அந்தப் பெயரை ஏழு பேரும் நிறுத்த வேண்டும். வாயில் மட்டுமல்ல, குழுச் செய்திகளிலும். பிறகு, அவரோடு வேலையில் நெருக்கமாக இருக்கும் ஒருவர் மட்டும், மற்றவர்கள் இல்லாத நேரத்தில், “அந்தப் பெயரை வைத்தது தவறு, இனி யாரும் சொல்லமாட்டோம்” என்று சொல்லட்டும். ‘புண்பட்டிருந்தால்’ என்று தொடங்க வேண்டாம், ‘நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டீர்கள்’ என்றும் முடிக்க வேண்டாம். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டால் மறுபடியும் அவர் மேசையின் நடுவில் காட்சிப்பொருள் ஆவார். தனியாகச் சாப்பிடுவது அவருக்கு உண்மையாகவே பிடித்திருக்கலாம், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பெயரோடு அவருடைய மதம், நிறம், உடல், உச்சரிப்பு பற்றிய பேச்சும் சேர்ந்திருந்தால் அது கலாய்ப்பு அல்ல, துன்புறுத்தல். அதை மேசையில் சமாதானம் பேசி முடிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

அவர் திரும்பி வந்தால், பயந்துபோய் அவரிடம் மட்டும் மரியாதையாகப் பேசி, மற்ற ஏழு பேருக்குள் கலாய்த்துக்கொள்ளாதீர்கள். அதுவும் அவரை வெளியே நிறுத்துவதுதான். பழைய சம்பவம் ஒன்றைச் சொல்லிச் சிரிக்கும்போது, அதன் கதையை இரண்டு வாக்கியத்தில் அவருக்குச் சொல்லுங்கள். அவரிடம் எதையாவது கேட்டால், அடுத்தவர் உடனே பாய்ந்து பதில் சொல்லாமல், மூன்று விநாடி காத்திருங்கள்.