ஏலக் கடிதத்தோடு வருபவரிடம் முதலில் என்ன சொல்வது? கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வங்கிக் கிளைகளில் 27 வருடம் கவுண்டரில் இருந்தவன் நான். கடைசி 9 வருடமும் அடகுப் பகுதி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

கல்முனையிலிருந்து, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான ஒருவர்: "அடகு நகைக்கு ஏலக் கடிதம் கிடைத்து வருகிறவர்கள் வாயே திறப்பதில்லை. 'என்ன விஷயம்?' என்றால் கடிதத்தை நீட்டிவிட்டு நிற்கிறார்கள்."

"என்ன விஷயம்?" என்பது விசாரணை மாதிரி விழும். நம் பக்கத்துப் பெண்கள் பலர் நுண்கடன் வசூலில் அடிபட்டவர்கள். வாசலில் பெயர்ப் பட்டியலோடு நின்று சத்தம் போட்ட ஆட்களைப் பார்த்தவர்கள், நம் கையில் இருக்கும் பைலையும் அப்படித்தான் பார்ப்பார்கள். "வாங்கம்மா, இரிங்க. துண்டைத் தாங்க, பாத்துச் சொல்றன்" போதும். சத்தம் மேசையைத் தாண்டக் கூடாது.

அவருக்குள் இருப்பது ஒரே கேள்விதான்: நகை இருக்கிறதா, போய்விட்டதா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். ஆனால் கணினியில் பார்த்த பிறகு. இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒருமுறை பார்க்காமலே "பயப்படாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். திரையைப் பார்த்தால் நகை முதல்நாள் ஏலத்தில் போயிருந்தது. கடன் கழித்து மிஞ்சிய காசைக் கொடுத்தோம். அவர் அதை எண்ணவே இல்லை.

இன்னொருவர் செங்கலடிப் பக்கத்துத் தாய். கடன் 80,000 ரூபா, 14 மாதம் ஆகியிருந்தது. "நகை இங்கதான் இருக்கு" என்றதும்தான் உட்கார்ந்தார். கைலேஞ்சியில் முடிந்து வைத்திருந்தது 20,000. முழுக் கடனையும் கட்டினால்தான் நகை தப்பும் என்று நினைத்திருந்ததால், அந்தக் காசை வெளியே எடுக்கவே வெட்கப்பட்டார். வட்டி வருடத்துக்கு 18 வீதம் என்று வையுங்கள். மாதம் 1,200, பதினான்கு மாதத்துக்கு 16,800. பழைய துண்டின் பின்பக்கத்தில் இதைப் பெரிதாக எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "இதைக் கட்டினா அடகைப் புதுப்பிக்கலாம்" என்றபோதுதான் முடிச்சை அவிழ்த்தார். எல்லா இடத்திலும், எல்லா நேரத்திலும் புதுப்பிக்க விடுவார்கள் என்றில்லை. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாய் திறவுங்கள்.

காத்தான்குடிக் கிளையில் வேலை செய்பவர்: "சிரித்த முகமும் ஒரு வணக்கமும் போதும், இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை."

பாதி சரி. புதுக் கணக்குத் திறக்க வருபவருக்கு அது போதும். ஏலக் கடிதத்தோடு நிற்கிறவரைப் பார்த்துச் சிரித்தால் நக்கல் மாதிரி ஆகிவிடும். உங்கள் ஊரில் ஸலாம் சொல்லி வருகிறவருக்கு முதலில் ஸலாத்துக்குப் பதில். முறை வைத்துக் கூப்பிடுவது நல்லதுதான், ஆனால் ஐம்பது வயதுக்காரரை "ராத்தா" என்பதா "உம்மா" என்பதா என்று தடுமாறினால் வெறும் "வாங்க, இரிங்க" நல்லது.

அக்கரைப்பற்றிலிருந்து: "கடைசியில் 'வேற ஏதும் கேட்கணுமா?' என்று கேட்கத்தான் செய்கிறேன். 'இல்ல' என்று போனவர்கள் மூன்றாம் நாள் திரும்பி வருகிறார்கள்."

அதைக் கேட்கும்போது உங்கள் கை அடுத்த பைலில் இருக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் "இல்ல" என்கிறார். கேள்வியை நீங்களே எடுத்துக் கொடுங்கள்: "எல்லாரும் கேக்கிறது ரெண்டு விஷயம், அடுத்த திகதி எப்ப, மகன் வந்து மீட்கலாமா எண்டு. உங்களுக்கு எது?" அப்புறம், "வீட்ட போய் மகளுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். ஓர் ஐயா இதற்கு, "அடுத்த வருஷம் மட்டும் ஒண்டும் இல்லையாம் எண்டு சொல்லுவன்" என்றார். தவணைதான் ஒரு வருடம், வட்டி நாள்தோறும் ஏறுகிறது என்று நான் விளக்கியது அவருக்குப் போகவே இல்லை. கேட்டிருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

திருக்கோவிலிலிருந்து: "அம்மாவுக்கு அஸ்வெசும காசு இந்த மாதம் வரவில்லை. வங்கியில் யாரிடம் கேட்பது?"

தம்பி, இங்கே பேசுவது கவுண்டர்க்காரர்களுக்கான விஷயம். என்றாலும் சொல்கிறேன்: காசு கணக்குக்கு வந்ததா என்று மட்டும்தான் வங்கி சொல்லும். பெயர் பட்டியலில் இருக்கிறதா, ஏன் நின்றது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும்.

கல்முனைக்காரர் மீண்டும்: "சரி, பின்னால் பதினைந்து பேர் நிற்கும்போது மகளுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? மனேஜர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்."

சித்திரைக்கும் பெருநாளுக்கும் முந்திய கிழமைகளில் என்னாலும் முடிந்ததில்லை. பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, "இதில இருந்து யோசிங்க, அடுத்தவரை முடிச்சிட்டு வாறன்" என்று பார்த்தேன். சிலர் இருந்தார்கள். சிலர் நான் நிமிரும்போது போய்விட்டிருந்தார்கள். இதற்கு வழி கண்டவர்கள் எழுதுங்கள்.