இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் விறைப்புக் குறைவு: ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை யாருக்குப் பொருந்தும்?

கேள்வி: எனக்கு 26 வயது. 14 மாதங்களுக்கு முன் பைக் விபத்தில் இடுப்பெலும்பு முன்பக்கம் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, சிறுநீர் போவதிலும் சிக்கல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு விறைப்பு பாதிக்கு மேல் வருவதில்லை. காலையில் எழும்போதும் அப்படித்தான். தொடு உணர்ச்சி நன்றாக இருக்கிறது. சில்டெனாஃபில் 100 மி.கி. போட்டால் கொஞ்சம் தேவலை. ஊசி போட்டு எடுத்த டாப்ளர் ஸ்கேனில் ரத்த வேகம் வலது 18, இடது 21 என்று வந்தது. ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்தால் முழுசாகச் சரியாகும் என்று படித்தேன். செய்துகொள்ளலாமா? தினம் நாலைந்து சிகரெட் பிடிப்பேன்.

மருத்துவர் பதில்: இப்போது வேண்டாம். அந்த அறுவை சிகிச்சைக்குப் பொருந்தும் வெகு சிலரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். ஆனால் கையில் இருக்கும் ஒரே ஒரு ஸ்கேனை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

ஆண்குறிக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி, இடுப்பெலும்பின் கீழ்க்கிளையை உள்பக்கமாக ஒட்டியபடியே முன்னால் வருகிறது. எலும்பு உடையும்போது அந்தத் தமனி அறுந்து போகலாம். அறுந்து போகாவிட்டாலும், இழுபட்டு உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, பிறகு அந்த இடம் தழும்பாகி அடைத்துக்கொள்ளலாம். விறைப்பைத் தூண்டும் நரம்புகளோ வேறு வழியாக, புராஸ்டேட்டை ஒட்டி வந்து சிறுநீர்க்குழாயின் பக்கத்தில் இறங்குகின்றன. அதே விபத்தில் அவையும் இழுபடலாம். தமனி மட்டுமா, நரம்பு மட்டுமா, இரண்டுமா என்பதுதான் முதலில் தெரியவேண்டும். நரம்புதான் காரணம் என்றால் தமனியைச் சரிசெய்து பயனில்லை. இழுபட்ட நரம்பு மெதுவாகத்தான் தேறும். ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். உங்களுக்கு 14 மாதம்தான் ஆகியிருக்கிறது.

உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்பதால் நரம்பு தப்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, விறைப்புக்கான நரம்பு வேறு. நீங்கள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை தருபவை வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, காலையில் பாதியாவது விறைப்பு வருகிறது. இன்னொன்று, மாத்திரைக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது. நரம்பு முனையிலிருந்து சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு தொடங்கிவைக்கும் வேலையைத்தான் சில்டெனாஃபில் பெருக்குகிறது. நரம்பு அடியோடு செத்திருந்தால் அதற்கு அவ்வளவாக வேலை இருக்காது. ஆகவே நரம்பு ஓரளவாவது பிழைத்திருக்கிறது, தமனியில் குறை இருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

இனி அந்த ஸ்கேன். விறைப்புத் திசுவுக்குள் போகும் தமனியில் ரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 30 முதல் 35 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ரத்த வரத்து போதும் என்போம். 25-க்குக் கீழ் போனால் வரத்து குறைவு. 18, 21 இரண்டும் குறைவுதான். ஆனால் அந்நியர் முன்னால், ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கும் இளைஞனுக்குப் பதற்றம் இருக்கும். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்தத் திசுவை இறுக்கிவிடும். நல்ல தமனியிலும் வேகம் குறைவாகக் காட்டும். அதனால் என்ன மருந்து, எவ்வளவு போட்டார்கள், போதாதபோது இரண்டாவது ஊசி போட்டார்களா, எத்தனை நிமிடம் வரை அளந்தார்கள் என்பது முக்கியம். ஐந்து நிமிடத்தில் ஒருமுறை அளந்துவிட்டு முடித்திருந்தால் அந்த அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். ஊசிக்குப் பிறகு உங்களுக்கு எவ்வளவு விறைப்பு வந்தது? நரம்பு மட்டும் கெட்டவருக்குக் குறைந்த அளவு மருந்திலேயே சீக்கிரமாக முழு விறைப்பு வந்துவிடும், ஏனென்றால் ஊசி மருந்துக்கு நரம்பின் தயவு தேவையில்லை. தமனி அடைபட்டவருக்கு அது மெதுவாக, அரைகுறையாக வரும்.

அடுத்து, உள்ளே வந்த ரத்தம் தங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இதயம் ஓய்ந்திருக்கும் கணத்திலும் ஸ்கேனில் வேகம் 5-க்கு மேல் இருந்தால் சிரை வழியாகக் கசிவு இருக்கலாம். அந்த எண்ணை நீங்கள் எழுதவில்லை. கசிவு உறுதியானால் தமனி அறுவை சிகிச்சை பேச்சையே விட்டுவிடலாம். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது. ஆனால் திசு முழுதாகத் தளராதபோது ஸ்கேன் இல்லாத கசிவையும் காட்டும். சந்தேகம் இருந்தால் விறைப்புத் திசுவுக்குள் உப்புநீரைச் செலுத்தி, அழுத்தம் நிற்கிறதா என்று அளக்கும் சோதனை இருக்கிறது. தூக்கத்தில் வரும் விறைப்பை இரண்டு மூன்று இரவுகள் கருவி கட்டிப் பதிவு செய்வதும் உதவும்.

இவை எல்லாம் தமனியையே காட்டினால்தான் ஆஞ்சியோகிராம். இந்தக் குறிப்பிட்ட தமனிக்குள் சன்னக் குழாயை நுழைத்துச் சாயம் செலுத்தி எடுப்பது அது. அறுவை சிகிச்சைக்குத் தயார் என்றால் மட்டுமே எடுக்கவேண்டும். அடைப்பு ஒரே இடத்தில் இருக்கிறதா, அதைத் தாண்டி உள்ள பாதை திறந்திருக்கிறதா, ஆண்குறியின் மேற்புறத் தமனியிலிருந்து உள்தமனிக்குக் கிளை இணைப்பு இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். அந்த இணைப்பு இல்லையென்றால் புதிதாகக் கொண்டுவரும் ரத்தம் நுனிக்குப் போகுமே தவிர விறைப்புத் திசுவுக்குள் சேராது.

அறுவை சிகிச்சையில், அடிவயிற்றின் நேர்த்தசைக்குப் பின்னால் ஓடும் தமனியைத் தொப்புள் அருகில் வெட்டி, கிளைகளைக் கட்டி, மேல்முனையைக் கவட்டை வழியாகக் கீழே திருப்பிக் கொண்டுவருவார்கள். அதை மைக்ராஸ்கோப் வைத்து, முடியைவிட மெல்லிய 10-0 நூலால் ஆண்குறியின் மேற்புறத் தமனியோடு தைப்பார்கள். 1973-இல் பிராகில் மிஹால் என்ற அறுவை மருத்துவர் இந்தத் தமனியை நேராக விறைப்புத் திசுவோடு இணைத்தார். பிறகுதான் அதைத் தமனியோடு இணைக்கும் முறை வந்தது. தையல் போட்ட பிறகு சுமார் ஆறு வாரம் உடலுறவு கூடாது; தையல் பிய்ந்தால் பெரிய ரத்தப்போக்கு ஆகும்.

முழுசாகச் சரியாகும் என்று யாராலும் உறுதி தரமுடியாது. வெளிவந்த ஆய்வுகள் சிறியவை. வெற்றி என்று எதைச் சொல்வது என்பதும் ஆய்வுக்கு ஆய்வு வேறு. புதிய இணைப்பு உறைந்து அடைபடலாம், நுனியில் மரத்துப்போகலாம், தழும்பு இழுத்து நீளம் கொஞ்சம் குறையலாம். அமெரிக்க சிறுநீரகவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல், ஒரே இடத்து அடைப்பும், பொதுவான ரத்தக்குழாய் நோயும் சிரைக் கசிவும் இல்லாத உடம்பும் உள்ள இளைஞர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. பரிசீலிக்கலாம், அவ்வளவுதான்.

சிகரெட்டை இன்றே நிறுத்துங்கள். புகைப்பவருக்கு இதைச் செய்யப் பல அறுவை மருத்துவர்கள் மறுப்பார்கள், அது சரிதான். அந்தச் சிறிய இணைப்பு புகையில் சுருங்கி அடைபடும்.

அதுவரை மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போடாமல், உடலுறவுக்கு ஒரு மணி நேரம் முன்பாகப் போட்டுப் பாருங்கள். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு அதைச் சேர்க்கவே கூடாது. மாத்திரை போதாதென்றால், மருத்துவர் அளவு பார்த்துச் சொல்லிக்கொடுத்து நீங்களே போட்டுக்கொள்ளும் ஊசி உண்டு. நரம்பும் கெட்டிருந்தால் சிறிய அளவே அதிகமாகிவிடும். விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டினால் இரவென்றாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், விபத்து நேரத்து டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துப் பாருங்கள். இடுப்புக்குள் ரத்தப்போக்கை நிறுத்தத் தமனியை அடைத்தார்கள் என்று அதில் இருந்தால், உங்கள் தமனி அடைபட்டதற்கு எலும்பு முறிவோடு அந்தச் சிகிச்சையும் காரணமாக இருக்கலாம். உயிரைக் காக்க அன்று அது தேவைப்பட்டிருக்கும். அந்தத் தாளையும் ஸ்கேன் அறிக்கையையும் இந்தத் துறையில் பயிற்சியுள்ள சிறுநீரகவியல் மருத்துவரிடம் சேர்த்தே காட்டுங்கள்.