மேலாளர் "பார்க்கலாம்" என்று சொன்னால்

ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, நிரந்தர வேலை பற்றிக் கடைசி வாரத்தில் கேட்டால் போதுமா என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. இந்த வாரமே கேளுங்கள்.

மேலாளருக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் அவராக வேலை கொடுத்துவிட முடியாது. குழுவில் ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கான சம்பளத்துக்கு மேலே ஒப்புதல் கிடைக்க வேண்டும். அப்புறம்தான் ஹெச்.ஆர். ஆஃபர் லெட்டர் போடும். இதற்கே சில வாரங்கள் ஓடிவிடும். கடைசி நாளில் கேட்டால் நல்ல மேலாளரும் கையைத்தான் விரிப்பார்.

நடந்துபோகிற போக்கில் கேட்காதீர்கள். பதினைந்து நிமிடம் தனியாக நேரம் வாங்கி, நேராகவே சொல்லுங்கள்: "சார், இன்டர்ன்ஷிப் முடிந்ததும் இதே குழுவில் தொடர விரும்புகிறேன். அதற்கு வாய்ப்பு இருக்கிறதா?"

பெரும்பாலும் வரும் பதில், "பார்க்கலாம்". இங்கேதான் பலர் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். இடமே இல்லை, இடம் இருக்கிறது ஆனால் உங்கள் மேல் தயக்கம், இதுவரை யோசிக்கவே இல்லை என்று அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பதில்கள் ஒளிந்திருக்கும். என்னிடம் வந்த ஒரு மாணவியும் அந்தப் பதிலோடு சந்தோஷமாகத்தான் வந்தார். திரும்பப் போய் இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன்: "இடத்துக்கு ஒப்புதல் ஆகிவிட்டதா, யார் முடிவு செய்வார்கள்? என் வேலையில் நான் சரிசெய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" அவர் வேலையில் குறையே இல்லையாம், ஆனால் அடுத்த நிதியாண்டு வரை புது இடம் கிடையாது என்று மேலாளர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கையில் ஐந்து வாரம் மிச்சம். அதற்குள் வேறு இடங்களுக்கு விண்ணப்பித்தார், பரிந்துரைக் கடிதத்தையும் அந்த மேலாளரிடமே வாங்கிக்கொண்டார். இரண்டாம் முறை கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஐந்து வாரமும் காத்திருப்பிலேயே போயிருக்கும்.

பேசி முடித்த அன்றே மூன்று வரி மெயில் போடுங்கள்: என்ன பேசினோம், எந்தத் தேதிக்குள் பதில் தெரியும், அதுவரை நான் முடிக்க வேண்டியது என்ன. வாய்வார்த்தை மறந்துபோகும், மேலாளரே மாறிப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

"இன்னும் மூன்று மாதம் இன்டர்னாகவே இருங்களேன்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். மூன்று மாதம் கழித்து எது மாறும் என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால், குறைந்த செலவில் வேலை நடக்கட்டும் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்.

உங்கள் அண்ணன் புரொபேஷனில் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் முதலில் நியமனக் கடிதத்தை எடுத்துப் படிக்கட்டும். காலம் முடிந்ததும் தானாகவே நிரந்தரம் என்று சில கடிதங்களில் இருக்கும். எழுத்தில் உறுதி செய்யும்வரை புரொபேஷன் நீடிக்கும் என்று வேறு சிலவற்றில் இருக்கும். இரண்டாவது வகையென்றால், தேதி தாண்டும்வரை சும்மா இருக்காமல் ஒரு மாதம் முன்பே உறுதிக் கடிதம் பற்றி ஹெச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள்.