இரட்டைக் குழந்தைகள்: ஏன் இத்தனை ஸ்கேன், அம்மாவுக்கு டிக்கெட் எப்போது?

"அக்கா, இங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இப்போது 12-ஆவது வாரம். ஊரில் இருந்தபோது 7-ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கேனிலேயே இரட்டைக் குழந்தைகள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் 4 கிலோ ஏறிவிட்டேன். பக்கத்து வீட்டில் எனக்கு ஒரு வாரம் முன்னால் இருப்பவருக்கு ஒரு கிலோகூட ஏறவில்லை. இங்கே டாக்டர், அடுத்த ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரணுமா நான்கு வாரத்துக்கு ஒரு முறை வரணுமா என்று சொல்வேன் என்கிறார். பிரசவ தேதியையும் அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அம்மாவை வரவழைக்க டிக்கெட் எப்போது போடுவது?"

தங்கச்சி, நீ மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். எடையைத் தவிர மற்ற இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கு நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? உன் டாக்டர் அந்த ஸ்கேனுக்காகக் காத்திருப்பது இதைப் பார்க்கத்தான். அவர் மழுப்பவில்லை.

ஊரில் எடுத்த ஸ்கேன் காகிதம் கையில் இருந்தால் எடுத்துப் பார். என்னுடையதில் "இரட்டைக் கரு, இரண்டிலும் இதயத்துடிப்பு உண்டு" என்று மட்டும் இருந்தது. நஞ்சுக்கொடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அப்போது அதைக் கேட்கத் தோன்றவும் இல்லை. நீ அடுத்த ஸ்கேனில் வாயைத் திறந்து கேள். 11 முதல் 14-ஆவது வாரத்துக்குள் இது தெளிவாகத் தெரியும். இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில் ஒரு சவ்வு இருக்கும். அது நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் தடித்து முக்கோணமாக விரிந்திருந்தால் நஞ்சுக்கொடி இரண்டு. மெல்லிய கோடாக நேரே போய் ஆங்கில T எழுத்தைப் போல முட்டி நின்றால் ஒன்றுதான். வாரங்கள் போகப்போக அந்த முக்கோணம் மங்கிவிடும். இரண்டு நஞ்சுக்கொடிகள் ஒட்டி உட்கார்ந்து ஒன்றுபோலத் தெரிவதும் உண்டு. ஆகவே இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதே. படத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள். நாளைக்கு வேறு ஊருக்கோ வேறு மருத்துவமனைக்கோ மாறினால் அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அறிக்கையில் டி.சி.டி.ஏ. என்றிருந்தால் நஞ்சுக்கொடியும் பனிக்குடமும் ஆளுக்கு ஒன்று. எம்.சி.டி.ஏ. என்றால் நஞ்சுக்கொடி பொது, பனிக்குடம் தனித்தனி. எம்.சி.எம்.ஏ. என்றால் இரண்டுமே பொது. இந்தக் கடைசி வகை மிக அரிது, அதன் கவனிப்பே வேறு மாதிரி. (நஞ்சுக்கொடி இரண்டு என்றாலே ஒரே சாடையில் பிறக்காது என்று யாராவது சொல்வார்கள். ஒரே கருமுட்டை பிரிந்து உருவாகும் இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்கு நஞ்சுக்கொடி தனித்தனியாகத்தான் இருக்கும்.)

நஞ்சுக்கொடி பொதுவாக இருந்தால் அதற்குள் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் சமமாக நடக்கும்வரை பிரச்சினை இல்லை. சில சமயம் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போய்விடும். கொடுக்கிற குழந்தைக்குச் சிறுநீர் குறையும், அதைச் சுற்றியுள்ள பனிக்குட நீர் வற்றும். வாங்குகிற குழந்தையைச் சுற்றி நீர் பெருகும், அதன் இதயத்துக்கும் பளு கூடும். நஞ்சுக்கொடி பொதுவான 100 கர்ப்பங்களில் 10 முதல் 15 வரை இது வருகிறது. சில நாட்களிலேயே முற்றிவிடக்கூடியது என்பதால்தான் 16-ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். அங்கே அவர்கள் அளப்பது ஒவ்வொரு பனிக்குடத்திலும் நீர் ஆழமாக இருக்கும் இடத்தை. ஒன்றில் 2 செ.மீ.க்குக் கீழே, இன்னொன்றில் 8 செ.மீ.க்கு மேலே என்று வந்தால் உடனே சிறப்பு மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வயிற்றுக்குள் மெல்லிய குழாயை விட்டு, இணைந்த ரத்தக் குழாய்களை லேசரால் அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. நேரத்தில் கண்டுபிடித்தால்தான் அது பயன்படும்.

நஞ்சுக்கொடி தனித்தனி என்றால் இந்தத் தொல்லை வராது. வளர்ச்சியைப் பார்த்தால் போதும். அதனால் 20-ஆவது வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்.

எனக்கு நஞ்சுக்கொடி பொது. நீர் அளவு கடைசிவரை சரியாக இருந்தது, எடை வித்தியாசம்தான் ஆட்டிவைத்தது. அதைக் கணக்கிடுவது எளிது. பெரிய குழந்தையின் எடையிலிருந்து சிறியதன் எடையைக் கழித்து, பெரியதால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் போதும். 24-ஆவது வாரம் 640 கிராமும் 590 கிராமும் இருந்தார்கள், வித்தியாசம் சுமார் 8 சதவீதம். 28-இல் 1150, 970. அது 16 சதவீதம். 32-இல் 1800, 1420 என்றபோது 21 சதவீதமாகிவிட்டது. 20-ஐத் தாண்டினால் கவனிப்பை நெருக்கிவிடுவார்கள். அன்றிலிருந்து எனக்கு வாரம் ஒரு முறை, தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுவதையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்கேன் சொல்லும் எடை வெறும் மதிப்பீடு. 10 சதவீதம் முன்னே பின்னே போவது சாதாரணம். ஒரு நாள் வந்த எண்ணைப் பார்த்துப் பதறாதே. அடுத்தடுத்த ஸ்கேன்களில் இடைவெளி விரிகிறதா, சின்னவர் தன் கணக்கில் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறாரா என்று பார். நான் ஒரு சின்ன நோட்டில் தேதி, இரண்டு எடை, இரண்டு நீர் அளவு என்று எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் வருவார், அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார்.

சரி, எடைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதை விட்டுவிடு. உயரத்துக்கேற்ற எடையோடு கர்ப்பத்தைத் தொடங்கியவருக்கு ஒற்றைக் குழந்தை என்றால் மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரையும், இரட்டை என்றால் 17 முதல் 25 கிலோ வரையும் ஏறலாம் என்பது அமெரிக்காவில் 2009-இல் வந்த பரிந்துரை. தொடங்கும்போதே எடை கூடுதலாக இருந்தவர்களுக்கு இந்த அளவு குறையும். இரண்டு குழந்தைகள், பெரிய நஞ்சுக்கொடி, இரண்டு பங்கு பனிக்குட நீர், அதற்கெல்லாம் ஈடாக உன் உடம்பில் கூடும் ரத்தம் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கிலோக்கள். எனக்கும் 12-ஆவது வாரத்தில் 4 கிலோதான் ஏறியிருந்தது, முடிவில் 18. கடைசி ஐந்தாறு வாரம் எடை அவ்வளவாக ஏறவில்லை, வயிற்றில் இடமில்லாமல் நாலு வாய்க்கு மேல் இறங்காது.

நீ கவனிக்க வேண்டியது திடீர் ஏற்றத்தை. கர்ப்ப காலத்தில் பாதி கடந்தபின் சில நாட்களிலேயே 2 கிலோ ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ மேல் வயிற்றில் வலியோ இருந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். இரட்டைக் கர்ப்பத்தில் அதற்கு வாய்ப்பு அதிகம். அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காதே, அன்றே போ. அதேபோல் நஞ்சுக்கொடி பொது என்று தெரிந்து, வயிறு இரண்டு மூன்று நாளில் மளமளவென்று பெருத்து, தோல் இறுகி, மூச்சு வாங்கினால் அது பனிக்குட நீர் பெருகுவதாக இருக்கலாம். ஸ்கேன் நாள் வருமுன்பே போன் செய்.

இனி தேதி. எல்லாம் ஒழுங்காகப் போனாலும் 40 வாரம்வரை விடமாட்டார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே இருப்பதில் ஆபத்து கூடுகிறது, இரட்டையருக்கு அந்தக் கட்டம் முன்னாலேயே வந்துவிடுகிறது. நஞ்சுக்கொடி தனித்தனி என்றால் பிரிட்டனில் 37-ஆவது வாரம், அமெரிக்காவில் 38. பொது என்றால் பிரிட்டனில் 36, அமெரிக்காவில் 34-க்கும் 37-க்கும் இடையே நிலைமையைப் பார்த்துக் குறிக்கிறார்கள். பனிக்குடமும் பொது என்றால் 32 முதல் 34-க்குள், சிசேரியன்தான். மற்ற வகைகளில் முதல் குழந்தைக்குத் தலை கீழே இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயல இடமுண்டு. 28-ஆவது வாரத்துக்குள்ளேயே இதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடு.

ஆனால் குறித்த தேதி வரும்வரை குழந்தைகள் காத்திருப்பார்கள் என்று நினைக்காதே. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 37 வாரத்துக்கு முன்பே தாங்களாக வந்துவிடுகிறார்கள். நான் இங்கேதான் தப்புக்கணக்குப் போட்டேன். 36-ஆவது வாரம் பிரசவம் என்றார்கள், அம்மாவுக்கு அதே வாரம் திங்கட்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். 34-இல் வித்தியாசம் 22 சதவீதம், சின்னவரின் வளர்ச்சி தேங்க ஆரம்பித்திருந்தது. நுரையீரல் பக்குவப்பட இரண்டு ஊசி, ஒரு நாள் இடைவெளியில் போட்டார்கள். 35 வாரம் 2 நாளில் சிசேரியன். 2.3 கிலோ, 1.8 கிலோ. பெரியவர் என்னோடு வந்துவிட்டார், சின்னவர் 11 நாள் தீவிரக் கவனிப்பில். வார்டில் ஒரு குழந்தை, இரண்டு மாடி மேலே ஒரு குழந்தை, தையலோடு நான், லீவு கிடைக்காத கணவர். அம்மா விமானத்திலிருந்து இறங்கியபோது குழந்தைகளுக்கு ஐந்து நாள் ஆகியிருந்தது.

அதனால் உன் அம்மாவுக்கு, நஞ்சுக்கொடி தனித்தனி என்றால் 33-ஆவது வாரம், பொது என்றால் 31-ஆவது வாரம் வந்து சேர்கிற மாதிரிப் போடு. தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும். அதற்கும் முன்னால் வரவழைக்க ஆசையாக இருக்கும், விசாவில் எத்தனை நாள் தங்கலாம் என்று பார்த்துக்கொள். ஆள் தேவைப்படுவது குழந்தைகள் வீட்டுக்கு வந்த பிறகுதான், அதில் ஒருவர் தாமதமாகவும் வரலாம். பிரசவத்துக்கு நீயே ஊருக்குப் போகலாம் என்று எண்ணம் இருந்தால் சீக்கிரம் முடிவெடு. இரட்டை என்றால் பல விமான நிறுவனங்கள் 32-ஆவது வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை, 28-க்கு மேல் டாக்டர் கடிதமும் கேட்பார்கள்.

ஸ்கேன் முடிந்ததும் அறிக்கையில் அந்த நான்கு எழுத்து என்ன என்று எனக்கு எழுது. அதை வைத்து டிக்கெட் தேதியைப் பார்ப்போம்.